குடை தொலைந்த கதையும் இரண்டு சின்னச் சொற்களும்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, நடுநிலை வகுப்பு ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)

சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற நேரத்தை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்போ ஆங்கில ஆர்ட்டிகிள். இரண்டும் சேர்ந்தால் தூக்கம் வருவது இயற்கை. ஆகவே இலக்கணத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் எங்கள் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஐப்பசி மாதம், நல்ல மழை. எங்கள் பள்ளியில் ஒரு கறுப்புக் குடை உண்டு. பள்ளியின் பெயரை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி, அலுவலக அறைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருப்போம். சத்துணவுக் கூடத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவே கூரை இல்லை என்பதால், மழைநாளில் அந்தக் குடை இல்லாமல் ஒரு வேலையும் ஓடாது. அன்று பார்த்தால் ஆணி மட்டும் இருக்கிறது. எனக்கு ஆறாம் வகுப்பில் ஆங்கிலப் பாடவேளை. அந்த நேரத்தில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்பது நானே போட்ட விதி. ஆகவே வகுப்பில் நுழைந்ததும் "ஹூ டுக் அம்ப்ரெல்லா?" என்று கேட்டேன்.

ஒரு பையன் எழுந்து நின்று, "டீச்சர், ஐ டுக் தி அம்ப்ரெல்லா" என்றான். எனக்குக் கோபம். கேட்காமல் எப்படி எடுப்பாய், எங்கே வைத்தாய் என்று அடுக்கிக்கொண்டே போனேன், அதுவும் தமிழில். அவன் அழுதுவிட்டான். பக்கத்தில் இருந்தவன்தான் அவனுடைய பைக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்புக் குடையை எடுத்துக் காட்டினான். காலையில் அவன் அம்மா கொடுத்துவிட்ட குடை.

என்ன நடந்தது என்று அன்று மாலை பேருந்தில் உட்கார்ந்து யோசித்தேன். நான் கேட்ட கேள்வியில் ஆர்ட்டிகிளே இல்லை. "குடை எடுத்தது யார்?" என்ற தமிழை அப்படியே ஆங்கிலச் சொற்களில் கேட்டிருக்கிறேன். அவன் காதில் அது "யார் குடை எடுத்து வந்திருக்கிறீர்கள்?" என்று விழுந்திருக்கிறது. தான் எடுத்து வந்ததை அவன் ஒழுங்காகச் சொன்னான். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'தி' போடாமல் பேசாதே என்று நான் மாதக்கணக்கில் சொல்லி வந்ததால், 'தி'யும் போட்டுச் சொன்னான். நான் போட வேண்டிய இடத்தில் விட்டேன். அவன் விட வேண்டிய இடத்தில் போட்டான். இரண்டு எழுத்து, மூன்று எழுத்துச் சொல்தானே என்று நினைக்கிற ஒன்றினால் ஒரு பிள்ளை திருடன் ஆகிவிட்டான், பத்து நிமிடத்துக்கு.

அந்தக் குடை கடைசியில் எங்கே கிடைத்தது என்பதைக் கதையிலேயே சொல்கிறேன். ஏனென்றால் மறுநாள் அதைத்தான் நான் கதையாக்கி, வகுப்பாசிரியரிடம் கேட்டுக்கொண்டு, மூன்றாம் வகுப்பில் சொன்னேன்.

கதைக்கு முன் ஒலிப்பைப் பற்றி ஒரு சொல். நான் முதலில் கரும்பலகையில் எழுதுவதில்லை, காதுக்குத்தான் கொடுக்கிறேன். நாம் பலரும் முதல் ஆர்ட்டிகிளை 'ஏ' என்று எழுத்தின் பெயராகவே சொல்லிக்கொடுக்கிறோம். பேச்சில் அது 'அ' என்று மெல்லிய, அரைகுறை ஒலியாகத்தான் வரும். இரண்டாவது, மெய்யொலிக்கு முன் 'த' என்றும், உயிரொலிக்கு முன் 'தி' என்றும் ஒலிக்கும். அதனால்தான் கதையில் 'த நெய்ல்' என்றும் 'தி அம்ப்ரெல்லா' என்றும் வரும்; இரண்டும் ஒரே சொல்தான்.

இன்னொரு சிக்கல் குடையிலேயே இருக்கிறது. அம்ப்ரெல்லா உயிரொலியில் தொடங்குகிற சொல். தனியாக நின்றால் அதன் முன் 'அ' வராது, 'அன்' வரும். 'அ', 'த' இரண்டை மட்டும் கற்பிக்க நினைக்கும் கதையில் மூன்றாவது ஒன்று வந்து குழப்பும். அதற்காகக் கதையை மாற்ற வேண்டியதில்லை. குடைக்கு முன்னால் ஓர் அடைமொழியை வைத்துவிட்டால் போதும். 'அ ப்ளாக் அம்ப்ரெல்லா', 'அ ஸ்கூல் அம்ப்ரெல்லா'. ஆர்ட்டிகிள் தனக்கு அடுத்து நிற்கும் சொல்லின் ஒலியைத்தான் பார்க்கும், பெயர்ச்சொல்லைப் பார்க்காது. 'அன்' கற்பிக்கும் நாள் வரும்போது நம் கையில் நல்ல கருவி ஒன்று ஏற்கெனவே உண்டு: ஒரு நாய், ஓர் அணில். தமிழ்ப் பாடத்தில் பிள்ளைகள் படித்ததுதான். ஆனால் தமிழில் எழுத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் ஒலியைக் கேட்க வேண்டும். அம்ப்ரெல்லாவும் யூனிஃபார்மும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன; ஒன்றுக்கு 'அன்', மற்றதற்கு 'அ'.

சரி, கதை. முதல் தடவை தமிழில்தான் சொல்வேன்; முக்கியமான பெயர்ச்சொற்களை மட்டும் ஆர்ட்டிகிளோடு ஆங்கிலத்தில் வைப்பேன். 'அ' வரும்போது வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டுவேன். 'த' வரும்போது விரலால் நெற்றியைத் தொடுவேன். அதாவது, "எது என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்".

ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே 'அ ப்ளாக் அம்ப்ரெல்லா' இருந்தது. 'தி அம்ப்ரெல்லா' மேலே வெள்ளை எழுத்தில் பள்ளிக்கூடத்தின் பெயர் எழுதியிருந்தது. அலுவலக அறைச் சுவரில் 'அ நெய்ல்'. 'த நெய்ல்'தான் குடையின் வீடு. ஒரு நாள் மழை கொட்டியது. மாலாவை டீச்சர் அனுப்பினார். மாலா ஓடிப்போய்ப் பார்த்தாள். 'த நெய்ல்' இருந்தது. 'தி அம்ப்ரெல்லா' இல்லை!

மாலா முத்துவிடம் கேட்டாள்: "'தி அம்ப்ரெல்லா' எங்கேடா?" முத்து சொன்னான்: "நான் பார்க்கலையே. மரத்தடியில் 'அ கோட்' நின்னுச்சு, அதைத்தான் பார்த்தேன்." மாலா மரத்தடிக்குப் போனாள். 'த கோட்' நனைந்துகொண்டு நின்றது. பாவம், அதுக்கும் குடை இல்லை.

அப்போது சாலையில் 'அ மேன்' வந்தார். அவர் கையில் 'அ ப்ளாக் அம்ப்ரெல்லா'! மாலா ஓடினாள். 'த மேன்' நின்றார். "தாத்தா, குடையைக் கொஞ்சம் காட்டுங்க." மாலா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வெள்ளை எழுத்து இல்லை. "இது 'அ ப்ளாக் அம்ப்ரெல்லா'தான். ஆனால் 'த ஸ்கூல் அம்ப்ரெல்லா' இல்லை" என்று சொல்லித் திரும்பினாள்.

கடைசியில் சமையல் கூடத்தை எட்டிப் பார்த்தாள். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற இடத்துக்குக் கீழே விரித்து வைத்திருந்தது 'தி அம்ப்ரெல்லா'! அதன் அடியில் 'அ பிக் பேக்'. 'த பேக்' முழுக்க அரிசி. ஒரு சொட்டுகூட நனையவில்லை. சமையல் அக்கா சொன்னார்: "அரிசி நனைஞ்சிடும்னு நான்தான் எடுத்து வந்தேன் பாப்பா."

இவ்வளவுதான் கதை. சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் ஆகாது. இனி இதில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்கிறேன்.

நம் கையேடுகளில் பெரும்பாலும் உள்ள விதி, முதல் தடவை சொன்னால் 'அ', இரண்டாம் தடவை சொன்னால் 'த' என்பது. ஆணியும் ஆடும் அரிசி மூட்டையும் அந்த விதிக்கு அடங்கி நடக்கின்றன. ஆனால் சாலையில் வந்த தாத்தாவின் கையில் இருந்ததைப் பாருங்கள். குடை என்ற சொல் அதற்குள் மூன்று நான்கு தடவை வந்துவிட்டது. விதிப்படி அங்கே 'த' வர வேண்டும். வந்திருப்பதோ 'அ'. இங்கே கதையை நிறுத்தி, "ஏன் டீச்சர் உள்ளங்கையைக் காட்டினேன்?" என்று கேட்பேன். முதல் தடவை கேட்டபோது பிள்ளைகள் விழித்தார்கள். பின்பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி, "அது யாரு குடைன்னு இன்னும் தெரியலையே டீச்சர்" என்றாள். நான் பி.எட். படித்தபோது எந்தப் புத்தகத்திலும் இவ்வளவு சுருக்கமாகப் படிக்கவில்லை. சொல் எத்தனையாவது தடவை வருகிறது என்பது கணக்கே இல்லை. கேட்கிறவருக்கு எந்தப் பொருள் என்று தெரியுமா, தெரியாதா என்பதுதான் கணக்கு. அதனால்தான் தாத்தா கையில் இருந்தது கடைசிவரை 'அ'விலேயே நின்றது.

இதே காரணத்தால்தான் முதல் தடவையிலேயே 'த' வருவதும். ஐந்தாம் வகுப்புக்கு இக்கதையை முழு ஆங்கிலத்தில் சொல்லும்போது 'த ஹெட்மாஸ்டர்', 'த கிச்சன்' என்றெல்லாம் வரும். முன்பின் அறிமுகம் இல்லாமலே 'த'. ஒரு பள்ளிக்கு ஒரு தலைமையாசிரியர், ஒரு சமையல் கூடம். யார், எது என்று கேட்கிறவருக்குச் சொல்லாமலே தெரியும்.

நெற்றியைத் தொடுவதற்குப் பதிலாக விரல் நீட்டிச் சுட்டினால் எளிது அல்லவா என்று ஒரு நண்பர் கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன்; விட்டுவிட்டேன். விரல் நீட்டினால் பிள்ளை அதை 'அந்த' என்று எடுத்துக்கொள்கிறது. நாமும் 'அ' என்றால் 'ஒரு', 'த' என்றால் 'அந்த' என்றுதான் பலகையில் எழுதிப் போடுகிறோம். 'ஒரு' பெரும்பாலும் பொருந்தும். 'அந்த' அவ்வளவாகப் பொருந்தாது. 'த சன்' என்பதை அந்தச் சூரியன் என்றா சொல்கிறோம்? 'த ஹெட்மாஸ்டர்' என்பதற்கு "அந்த ஹெட்மாஸ்டர்" என்று யாராவது சொன்னால், ஏதோ மனக்கசப்பு என்றுதான் அர்த்தம். (இங்கே சிலர் சிரிப்பதைப் பார்க்கிறேன்.)

அப்படியானால் தமிழில் 'த' இல்லவே இல்லையா? ஓரிடத்தில் இருக்கிறது, நாம் கவனிப்பதில்லை. "குடை எடுத்தேன்", "குடையை எடுத்தேன்". இரண்டையும் மெல்லச் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ ஒரு குடை. இரண்டாவதில் எந்தக் குடை என்று இருவருக்கும் தெரியும். வேற்றுமை உருபு 'ஐ' அந்த வேலையைச் செய்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு உருபு என்ற பெயர் தெரியாது; வேறுபாடு நன்றாகத் தெரியும். "கடைக்குப் போய்க் குடை வாங்கினேன்" என்பதற்கு உள்ளங்கையா நெற்றியா என்று கேட்டால், கிட்டத்தட்ட எல்லாரும் உள்ளங்கையை விரிக்கிறார்கள். "குடையை மறந்துட்டேன்" என்றால் கை நெற்றிக்குப் போகிறது. அன்று என் வகுப்புப் பையன் மனதில் இருந்தது "குடை எடுத்தேன்". நான் கேட்டுக்கொண்டது "குடையை எடுத்தேன்".

ஆனால் இதை விதியாக எழுதிப் போட்டுவிடாதீர்கள். மனிதர்களைச் சொல்லும்போது தெரிந்தவரோ தெரியாதவரோ 'ஐ' வந்தே தீரும்: "சாலையில் ஒரு தாத்தாவைப் பார்த்தேன்." பொருளுக்கும்கூட "ஒரு குடையைப் பார்த்தேன்" என்று சொல்வதுண்டு. இதையெல்லாம்விடப் பெரிய தடை எழுவாயில்தான். "குடை ஆணியில் இல்லை" என்னும்போது எந்தக் குடை என்று தெரிந்திருந்தும் தமிழில் அடையாளம் ஒன்றும் கிடையாது. ஆங்கிலத்தில் 'தி அம்ப்ரெல்லா' என்று சொல்லியே ஆக வேண்டும். பிள்ளைகளின் ஏடுகளைத் திருத்தும்போது பாருங்கள். ஆர்ட்டிகிள் அதிகம் விடுபடுவது வாக்கியத்தின் முதல் சொல்லுக்கு முன்னால்தான். என் பிள்ளைகள் ஏட்டில் "அம்ப்ரெல்லா இஸ் நாட் ஆன் த நெய்ல்" என்றுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஆணிக்கு 'த' போட்ட பிள்ளை குடைக்குப் போடவில்லை. அதனால்தான் கதையில் குடை தொலையும் வாக்கியத்தை எழுவாயாகவே வைத்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வகுப்பு முழுவதும் என்னோடு சேர்ந்து, நெற்றியைத் தொட்டு, மூன்று தடவை சொல்லும்.

அடுத்து, பிள்ளைக்குப் புரிந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் இரண்டில் ஒன்று என்று ஊகித்தே பாதி சரியாகிவிடும். நான் அதை நம்புவதில்லை. மழைக்காலத்தில் வகுப்பில் எப்படியும் நாலைந்து குடை இருக்கும். இரண்டு கறுப்பு, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்று மேசைமேல் வைப்பேன். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "கிவ் மீ அ ப்ளாக் அம்ப்ரெல்லா" என்பேன். எந்தக் கறுப்புக் குடையைக் கொடுத்தாலும் சரி. "கிவ் மீ த ரெட் அம்ப்ரெல்லா" என்பேன். இருப்பது ஒன்றே ஒன்று; எடுத்துக் கொடுக்கும். மூன்றாவதாக, அதே குரலில், "கிவ் மீ த ப்ளாக் அம்ப்ரெல்லா" என்பேன்.

இங்கேதான் பார்க்க வேண்டும். சட்டென்று ஒன்றை எடுத்து நீட்டுகிற பிள்ளைக்கு நிறம் புரிந்திருக்கிறது, ஆர்ட்டிகிள் புரியவில்லை. புரிந்த பிள்ளையின் கை நடுவழியில் நிற்கும். இரண்டையும் பார்க்கும், என்னைப் பார்க்கும். "எது டீச்சர்?" என்று கேட்டால் முழு மதிப்பெண். முதல் நாள் அப்படி நின்றவர்கள் இருபத்திரண்டு பேரில் நான்கு பேர். இரண்டு வாரம் கழித்து, கதையை மேலும் இரண்டு முறை சொல்லி, பிள்ளைகளையே மாலாவாகவும் தாத்தாவாகவும் நடிக்க வைத்த பிறகு, பாதிக்கு மேல் நின்றார்கள். மற்றவர்கள் இன்னும் நிற்கவில்லை. சிலர் நண்பனைப் பார்த்து நின்றிருக்கவும் கூடும் என்பதால், இப்போதெல்லாம் ஒவ்வொருவராக வராந்தாவுக்கு அழைத்துத்தான் இதைச் செய்கிறேன்.

நடுநிலை வகுப்பு ஆசிரியர்கள் இது சின்னப் பிள்ளைகளுக்கு உரியது என்று நினைக்க வேண்டாம். எட்டாம் வகுப்பில் நான் கதை சொல்வதில்லை. தொலைந்த பொருள் அறிவிப்பு எழுதச் சொல்கிறேன். குடையைத் தொலைத்தவர் எழுதும் அறிவிப்பு ஒன்று, கண்டெடுத்தவர் எழுதும் அறிவிப்பு ஒன்று. கண்டெடுத்தவர் "ஐ ஃபவுண்ட் அ ப்ளாக் அம்ப்ரெல்லா" என்றுதான் எழுத முடியும். தொலைத்தவரும் ஊருக்கு அறிவிக்கும்போது 'அ'வில்தான் தொடங்க வேண்டும். ஏனென்றால் படிப்பவருக்கு அந்தக் குடையைத் தெரியாது. ஆனால் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லும்போது 'த'. ஒரே குடை, ஒரே ஆள். கேட்பவர் மாறினால் சொல் மாறுகிறது. இந்த ஒரு பயிற்சியில் பெரிய பிள்ளைகள் நிறையச் சண்டை போடுகிறார்கள். போடட்டும்.

அந்த ஆறாம் வகுப்புப் பையனிடம் மறுநாளே வகுப்பின் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். பிறகு பலகையில் நான் கேட்ட கேள்வியை எழுதி, "இதில் டீச்சர் விட்டது என்ன?" என்று கேட்டேன். முதலில் கை தூக்கியது அவன்தான்.

கதைக்குப் பின்கதை ஒன்றும் உண்டு. கூரை இன்னும் ஒழுகுகிறது என்பதால், எங்கள் தலைமையாசிரியர் சமையல் கூடத்துக்கென்று ஒரு புதுக் குடை வாங்கினார். அதுவும் கறுப்பு. அலுவலக அறையில் இப்போது இரண்டு ஆணிகள். போன வாரம் மழை தூறியபோது, மூன்றாம் வகுப்பு வாசலில் நின்றிருந்த ஒரு சிறுமியிடம், பழக்கத்தில், "பிரிங் மீ தி அம்ப்ரெல்லா" என்றேன். அவள் இரண்டடி ஓடினாள், நின்றாள், திரும்பினாள்.

"விச் அம்ப்ரெல்லா, டீச்சர்?"